கொட்டை கப்பலேறும் முன் ஒரு கடிதம்

பண்ருட்டி வட்டாரத்து முந்திரி ஆலைகளுக்கு உள்ளூர்த் தோப்புகளின் கொட்டை ஆண்டு முழுக்கப் போதாது. பற்றாக்குறைக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வருகிறது. ஐவரி கோஸ்ட், கானா, கினி பிசாவு என்று பெயர்களை ஆலைக் கணக்குப்பிள்ளைகள் ஊர்ப்பெயர் போலச் சொல்வார்கள். விற்பவரை வாங்குபவர் நேரில் பார்த்திருக்க மாட்டார். பெரும்பாலும் துபாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு வணிக நிறுவனம் நடுவில் நிற்கும். பணத்தை முன்னால் அனுப்ப இவருக்குப் பயம், சரக்கை முன்னால் அனுப்ப அவருக்குப் பயம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவே வங்கி போடும் பாலம்தான் எல்சி எனப்படும் லெட்டர் ஆஃப் கிரெடிட்.

எல்சியில் வங்கி கொடுக்கும் வாக்கு ஒன்றே ஒன்று. குறிப்பிட்ட ஆவணங்களை, குறிப்பிட்ட நாளுக்குள், குறிப்பிட்ட விதத்தில் விற்பவர் கொண்டுவந்து கொடுத்தால் பணம் கொடுத்துவிடுவேன் என்பது அது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது வங்கியின் கவலை இல்லை. உலகம் முழுக்க எல்சிகள் பின்பற்றும் விதித்தொகுப்பான யூசிபி 600, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை வெளியிட்டது. அதன் 4-ஆவது விதி, எல்சி வேறு, அதற்குக் காரணமான விற்பனை ஒப்பந்தம் வேறு என்கிறது. 5-ஆவது விதி, வங்கிகள் கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல என்கிறது. "சார், நாங்க கொட்டையப் பாக்க மாட்டோம், பேப்பரைத்தான் பாப்போம்" என்று வங்கி அதிகாரி சொன்னால், அது அலட்சியம் அல்ல, அந்த இரண்டு விதிகளின் சுருக்கம்.

இதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. ஒப்பந்தத்தில் நீங்கள் எவ்வளவு கறாராக எழுதி வாங்கியிருந்தாலும், எல்சியில் ஏறாத நிபந்தனை பணம் கைமாறும் நேரத்தில் உங்களுக்கு உதவாது. அப்புறம் வழக்குப் போடலாம். ஆனால் பணம் போன பிறகு கினி பிசாவில் யார்மேல் வழக்குப் போடுவது?

பொதுவாக எல்சியில் திருத்தம் கேட்டு எழுதுபவர் விற்பவர்தான். திருப்பூர் ஏற்றுமதியாளர் தன் கைக்கு வந்த எல்சியைப் படித்துப் பார்த்து, "கப்பலேற்றும் கடைசித் தேதியை நீட்டுங்கள்" என்று வெளிநாட்டு வாங்குநருக்கு எழுதுவது தினப்படி நடப்பது. முந்திரி போன்ற விளைபொருள் வியாபாரத்தில் வழக்கம் சற்று மாறும். சப்ளையரே, "இந்த வாசகப்படி எல்சி திறந்து அனுப்புங்கள்" என்று ஒரு வரைவை ஒப்பந்தத்தோடு சேர்த்து அனுப்பிவிடுவார். வாங்குபவர் வங்கி விண்ணப்பத்தில் அதை அப்படியே ஒட்டிவிடுவதும் நடக்கிறது. வரைவு முழுக்க சப்ளையருக்குச் சாதகமாகத்தான் இருக்கும். அதில் வஞ்சகம் தேட வேண்டியதில்லை. எல்லோருக்கும் அனுப்பும் ஒரே அச்சு அது, அவ்வளவுதான். ஆகவே வாங்குபவர் சப்ளையருக்கு எழுத வேண்டிய கடிதம் ஒன்று உண்டு: ஒப்பந்தத்துக்கும் வரைவுக்கும் உள்ள முரண்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, திருத்தித் தரக் கேட்கும் கடிதம்.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்ப்போம். ஒரு ஆலை 200 டன் கினி பிசாவு கொட்டை வாங்குகிறது. டன் 1,300 டாலர், கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்துத் தூத்துக்குடி வரைக்கும். மொத்தம் 2,60,000 டாலர். அளவில் 5 சதவீதம் கூடலாம், குறையலாம். அவுட்டர்ன் 48 பவுண்டு; 46 வரை குறைந்தால் அதற்கேற்ப விலைக் குறைப்பு, அதற்கும் கீழே போனால் சரக்கை நிராகரிக்கலாம். ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. சரக்கு ஏறும் துறைமுகத்தில் ஆய்வு நிறுவனம் ஒன்று சோதித்துச் சான்று தர வேண்டும். மே 31-க்குள் கப்பலேற வேண்டும். ஒப்பந்தம் இவ்வளவையும் சொல்கிறது. இனி சப்ளையர் அனுப்பிய வரைவுக்கு வருவோம்.

முதலில் தரம். அவுட்டர்ன் என்பது 80 கிலோ மூட்டையை உடைத்தால் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்கிற கணக்கு. சோதிப்பவர்கள் ஒரு கிலோ மாதிரியை எடுத்து, ஒவ்வொரு கொட்டையையும் இரண்டாகப் பிளந்து, நல்ல பருப்பை ஒரு பக்கமும் புள்ளி விழுந்ததையும் முற்றாததையும் மறுபக்கமும் ஒதுக்குவார்கள். நல்லதன் எடை முழுதாகவும் மற்றதன் எடை பாதியாகவும் கணக்கில் சேரும். கிலோவுக்கு 272 கிராம் தேறினால் 48 பவுண்டு. 48 என்று நம்பி வாங்கிய சரக்கு 44 ஆக இருந்தால் மூட்டைக்கு 4 பவுண்டு நட்டம். 200 டன் என்பது 2,500 மூட்டை. ஆக, 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன் பருப்பு, பணம் கொடுத்தும் கைக்கு வராமல் போய்விடும்.

வரைவில் சரக்கு விவரம் எழுதும் இடத்தில், அதாவது 45A என்ற கட்டத்தில், "அவுட்டர்ன் 48 பவுண்டு" என்று அழகாக எழுதியிருக்கிறது. படித்தவுடன் நிம்மதியாகிவிடும். தேவையான ஆவணங்கள் பட்டியலாகும் 46A-இல் பார்த்தால், "தரச் சான்று, 1 அசல், 2 நகல்" என்பதோடு சரி. யார் தர வேண்டும், அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. இந்த நிலையில் யூசிபி 600-இன் 14-ஆவது விதி என்ன செய்யும் என்று பாருங்கள். ஓர் ஆவணத்தை யார் வழங்க வேண்டும், அதில் என்ன இருக்க வேண்டும் என்று எல்சி சொல்லாவிட்டால், பார்வைக்கு அந்த வேலையைச் செய்வதாகத் தெரியும் எந்தத் தாளையும் வங்கி ஏற்றுக்கொள்ளும். சப்ளையர் தன் லெட்டர்ஹெட்டிலேயே தரச் சான்று அடித்துக் கொடுக்கலாம். நிபந்தனையைச் சொல்லிவிட்டு அதை எந்த ஆவணம் காட்ட வேண்டும் என்று சொல்லாவிட்டால், அந்த நிபந்தனை எழுதப்படாததாகவே கருதப்படும் என்றும் அதே விதி சொல்கிறது. விலைப்பட்டியலில் சப்ளையர் "அவுட்டர்ன் 48 பவுண்டு" என்று பார்த்து எழுதிவிடுவார். வங்கிக்கு அது போதும்.

சரி, "சுயேச்சையான ஆய்வாளரின் சான்று" என்று எழுதிவிட்டால்? அதற்கும் ஒரு குறுக்குவழி திறந்திருக்கிறது. ஆவணம் வழங்குபவரைக் குறிக்க "சுயேச்சையான", "தகுதியுள்ள", "முதல்தர" போன்ற சொற்களைப் போட்டால், எல்சியின் பயனாளியைத் தவிர வேறு யாரும் அதை வழங்கலாம் என்று 3-ஆவது விதி பொருள் கொள்கிறது. சப்ளையரின் மைத்துனர் நடத்தும் நிறுவனமும் அதில் அடக்கம். எனவே திருத்தத்தில் ஆய்வு நிறுவனத்தின் பெயரே வர வேண்டும். அந்தச் சான்று, ஏற்றும் துறைமுகத்தில் எடுத்த மாதிரியை வைத்து அவுட்டர்ன் 46 பவுண்டுக்குக் குறையவில்லை, ஈரம் 10 சதவீதத்தை மீறவில்லை என்று எண்ணோடு காட்ட வேண்டும். 46 முதல் 48 வரையிலான விலைக் குறைப்பை விலைப்பட்டியலில் கழித்துக் காட்டவும் ஒரு வரி தேவை. இல்லையென்றால் 46 வந்தாலும் 48-க்கு உரிய பணம் போய்விடும்.

இரண்டாவது, ஒரு சின்னச் சொல். வரைவில் அளவுக்கு முன்னாலும் தொகைக்கு முன்னாலும் "சுமார்" என்று இருக்கிறது. பேச்சில் அது ஒன்றுமில்லாத சொல். எல்சியில் அதற்கு எண் உண்டு: எதன் முன்னால் அந்தச் சொல் வருகிறதோ அதில் 10 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது 30-ஆவது விதி. ஒப்பந்தப்படி அதிகம் போனால் 2,73,000 டாலர் கொடுக்க வேண்டியவர், இப்போது 2,86,000 வரை கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறார். விலை ஏறும் பருவத்தில் குறைவாகவும், இறங்கும் பருவத்தில் அதிகமாகவும் சரக்கு ஏற்ற சப்ளையருக்குக் கிடைத்த இலவச வசதி அது. சுமாரை எடுத்துவிட்டு, 39A கட்டத்தில் 05/05 என்று போடச் சொன்னால் தீர்ந்தது.

மூன்றாவது தேதி. ஒப்பந்தம் மே 31 என்கிறது, வரைவின் 44C-இல் ஜூன் 30. ஒரு மாதம்தானே என்று விட முடியாது. கினி பிசாவில் மழை ஏறக்குறைய ஜூனில் தொடங்கும். நனைந்த களத்தில் காய்ந்ததாகச் சொல்லப்படும் கொட்டை, மூடிய கன்டெய்னரில் கடல் தாண்டி வந்தால் பூஞ்சை பிடிக்கும், பருப்பு நிறம் மாறும்.

இந்த மூன்றும் ஒப்பந்தத்துக்கு நேர் முரணானவை. வரைவில் இன்னும் இரண்டு இடங்கள் கண்ணை உறுத்தும். ஒன்று, கப்பலேறிய நாளிலிருந்து 45 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் கொடுக்கலாம் என்பது. எல்சி ஒன்றும் சொல்லாவிட்டால் விதிப்படி 21 நாள்தான். 45 நாள் கொடுத்தால் கப்பல் தூத்துக்குடிக்கு வந்து நின்றாலும் பில் ஆஃப் லேடிங் வந்திருக்காது. அசல் இல்லாமல் கப்பல் நிறுவனம் சரக்கை விடாது, துறைமுகத்தில் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். மற்றொன்று கூடுதல் நிபந்தனைகள் எழுதும் 47A-இன் கடைசி வரி: "அளவு, தொகை, தேதி தவிர மற்ற எல்லா முரண்களும் ஏற்கத்தக்கவை." இந்த ஒரு வரி இருந்தால் மேலே போராடி வாங்கிய தரச் சான்றும் வெறும் தாள். அது முரணாக வந்தாலும் வங்கி பணம் கொடுக்கும்.

கடிதம் எழுதும்போது பலரும் சறுக்கும் இடம் இதுதான். 45 நாள் என்பதும் முரண் ஏற்பு என்பதும் ஒப்பந்தத்தில் பேசப்படவே இல்லை. அவற்றை "ஒப்பந்த மீறல்" என்ற தலைப்பில் சேர்த்து எழுதினால், சப்ளையரின் ஆள் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்து, "இப்படி எங்கே இருக்கிறது?" என்று ஒரே வரியில் பதில் எழுதுவார். அந்த இரண்டோடு உங்கள் நியாயமான மூன்றும் சந்தேகத்துக்குள்ளாகும். முரண் வேறு, கோரிக்கை வேறு. முரணைத் திருத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கோரிக்கைக்குக் காரணம் சொல்ல வேண்டும், முடிந்தால் பதிலுக்கு ஒன்று கொடுக்கவும் வேண்டும். முரண் ஏற்பு வரியை நீக்கக் கேட்கும்போது சொல்வதற்கு ஒரு நல்ல காரணமும் கையில் இருக்கிறது. எழுத்துப் பிழைக்காகப் பணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் சப்ளையர்கள் அந்த வரியைப் போடுகிறார்கள். பொருள் மாறாத எழுத்துப் பிழை முரண் ஆகாது என்று ஆவணம் சரிபார்க்கும் வங்கி நடைமுறைத் தொகுப்பான ஐஎஸ்பிபி 745 ஏற்கெனவே சொல்கிறது. பயத்துக்குக் காரணம் இல்லை என்று காட்டிவிட்டால் வரியை விட்டுக்கொடுப்பது அவருக்கு எளிது.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் உடம்பு தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அன்புடையீர், எங்கள் ஒப்பந்தத்தின்கீழ் நீங்கள் அனுப்பிய எல்சி வரைவைப் பார்த்தோம். கீழ்க்கண்ட இடங்களில் அது ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகவில்லை.

அ. கட்டம் 46A, தரச் சான்று. வரைவு: வழங்குபவர் குறிக்கப்படவில்லை. ஒப்பந்தம், பிரிவு 6: ஏற்றும் துறைமுகத்தில் ஆய்வு நிறுவனச் சான்று. வேண்டும் வாசகம்: இணைப்பில் உள்ளபடி.

ஆ. கட்டம் 32B, 45A. வரைவு: 'சுமார்'. ஒப்பந்தம், பிரிவு 3: 5 சதவீதம் கூடக் குறைய. 'சுமார்' நீக்கி, 39A-இல் 05/05.

இ. கட்டம் 44C. வரைவு: ஜூன் 30. ஒப்பந்தம், பிரிவு 4: மே 31. வேண்டும் வாசகம்: மே 31.

இவை தவிர, ஒப்பந்தத்தில் இல்லாத இரண்டைப் பற்றி எங்கள் கோரிக்கை..."

ஒவ்வொரு வரியிலும் நான்கு இருக்கின்றன: எந்தக் கட்டம், வரைவு என்ன சொல்கிறது, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு என்ன சொல்கிறது, பதிலுக்கு என்ன வாசகம் வேண்டும். நான்காவதை விட்டுவிட்டு, "தரச் சான்றுப் பிரிவைச் சரிசெய்யவும்" என்று மட்டும் எழுதுபவர்கள்தான் அதிகம். அப்படி எழுதினால் சரிசெய்யும் பேனா மறுபடி சப்ளையர் கையில்தான் இருக்கும். "சுயேச்சையான ஆய்வாளர்" என்று ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பிவிடுவார். விண்ணப்பத்தில் அப்படியே ஒட்டத்தக்க வாசகத்தை ஆங்கிலத்தில் நீங்களே எழுதி, வங்கியின் வெளிநாட்டு வர்த்தகப் பிரிவில் ஒருமுறை காட்டி, அப்புறம் அனுப்புவது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். முதல் கடிதத்தில் மூன்று, அவர் ஒப்புக்கொண்ட பிறகு இன்னும் இரண்டு என்று போனால், விலை இறங்கியதால் இழுத்தடிக்கிறார்கள் என்று சப்ளையர் நினைப்பார். முந்திரிச் சந்தையில் அந்தச் சந்தேகம் எப்போதும் அடுப்பிலேயே இருக்கும். அதே நேரம் கண்ணில் பட்டதையெல்லாம் பட்டியலில் ஏற்றவும் கூடாது. துறைமுகம் தூத்துக்குடியா, ஆங்கிலேயர் எழுதிய பழைய எழுத்துக்கூட்டலா என்பதில் சண்டை வேண்டாம். கப்பல் நிறுவனம் பில் ஆஃப் லேடிங்கில் எதை எழுதுமோ அதையே எல்சியிலும் விட்டுவிட்டால் போதும்.

"எல்சியை இப்போது திறந்துவிடுவோம், பிறகு திருத்திக்கொள்ளலாம்" என்று சப்ளையர் அவசரப்படுத்துவது வழக்கம். கப்பலில் இடம் போய்விடும் என்பார். இந்தக் கடிதம் எல்சி திறப்பதற்கு முன்னால்தான் போக வேண்டும் என்பதற்குக் காரணம் 10-ஆவது விதி. திறக்கும் வரை வாங்குபவர் கையில் விண்ணப்பம் இருக்கிறது, தராமல் நிறுத்தலாம். திறந்த பிறகு, பயனாளியான சப்ளையரின் சம்மதம் இல்லாமல் எல்சியில் ஒரு புள்ளியைக்கூட அசைக்க முடியாது. வங்கி எம்டி 707 என்ற திருத்தச் செய்தியை அனுப்பலாம். அனுப்பிய நிமிடத்திலிருந்து வங்கி அதற்குக் கட்டுப்படும், சப்ளையர் கட்டுப்பட மாட்டார். அவர் சும்மா இருந்துவிட்டு, பழைய எல்சிப்படி தன் லெட்டர்ஹெட் தரச் சான்றோடு ஆவணம் கொடுத்தால் வங்கி பணம் கொடுத்தாக வேண்டும். மௌனம் சம்மதம் என்கிற கதை இங்கே செல்லாது. "பத்து நாளுக்குள் மறுக்காவிட்டால் திருத்தம் அமலுக்கு வரும்" என்று எழுதினாலும் அந்த வரியை வங்கிகள் கண்டுகொள்ளாது என்று அதே விதியில் எழுதியிருக்கிறது.

ஏற்கெனவே திறந்துவிட்டவர்களுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. ஒரு திருத்தத்தில் பாதியை ஏற்று, பாதியை மறுக்க முடியாது. பகுதி ஏற்பு என்றால் முழு மறுப்பு என்றே கருதப்படும். ஆகவே சப்ளையருக்குத் தேவையான ஒன்று, உதாரணமாக உண்மையாகவே கப்பல் கிடைக்காமல் ஜூன் 10 வரை தேதி நீட்டிப்புக் கேட்கிறார் என்றால், அதையும் ஆய்வு நிறுவனச் சான்றையும் ஒரே திருத்தத்தில் கட்டி அனுப்பலாம். நீட்டிப்பு வேண்டுமென்றால் சான்றையும் ஏற்க வேண்டிவரும். அதே கட்டுப்பாடு திரும்பியும் கடிக்கும்: அவர் விரும்பாத ஒன்றை ஆசையாகச் சேர்த்தால், அவர் ஏற்கத் தயாராக இருந்த மற்றவையும் சேர்ந்து போய்விடும். முன்கடிதத்தில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது நல்லது. திறந்த பிறகு எதை எதோடு சேர்ப்பது என்று யோசித்துச் செய்ய வேண்டும்.

நம் கற்பனை ஆலைக்கு வரும் பதில் இப்படி இருக்கலாம். தேதியும் சுமாரும் உடனே திருத்தப்படும், ஒப்பந்தம் அப்படி இருப்பதால். முரண் ஏற்பு வரியை நீக்க அவர் சம்மதிப்பார், ஆனால் 21 நாளுக்கு மாட்டார்: பிசாவில் பயிர் நலச் சான்றும் மூலச் சான்றும் வாங்கவே நாள் பிடிக்கிறது என்பார். அதில் உண்மை இருக்கலாம். 28 நாளில் முடிவு செய்யலாம். ஆய்வு நிறுவனத்தில்தான் பேச்சு நீளும். நீங்கள் சொன்ன நிறுவனத்துக்கு அந்தத் துறைமுகத்தில் ஆள் இல்லை என்று அவர் சொன்னால் விசாரித்துப் பார்த்து, இரண்டு பெயர்களை எழுதி "இவற்றுள் ஒன்று" என்று போடலாம். பெயரே வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது. சரக்கைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது அதில் தெரிந்துவிட்டது.

ஒப்புக்கொண்ட வாசகத்தோடு இரண்டு தரப்பும் மின்னஞ்சலில் சம்மதம் சொன்ன பிறகு விண்ணப்பம் வங்கிக்குப் போகும். வங்கி எம்டி 700 செய்தியாக எல்சியை அனுப்பிய அன்றே அதன் நகலை வாங்கி, ஒப்புக்கொண்ட வரைவைப் பக்கத்தில் வைத்து, கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படிக்க வேண்டும். வங்கியில் தட்டச்சு செய்பவர் பழைய எல்சியின் கோப்பைத் திறந்து மேலேயே அடிப்பது உண்டு. போன தடவை 47A-இல் இருந்த வரி இந்தத் தடவையும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். கட்டம் 48 காலியாக இருந்தால் 28 நாள் என்று பேசியது 21 ஆகியிருக்கும். இப்படிப்பட்ட பிழைக்கு உடனே திருத்தம் கேட்டால், ஒப்புக்கொண்ட வரைவு கையில் இருக்கும் சப்ளையர் மறுக்க அதிகக் காரணம் இருக்காது. திருத்தக் கட்டணத்தை வங்கி யார் தலையில் வைக்கப் பார்க்கிறது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் நீங்கள் சரியாக எழுதிக் கொடுத்த நகல் இருந்தால் அது உங்கள் தலையில் விழக் கூடாது.